மதிப்பெண் 0.71, ஆனால் அது மகளின் முகம்

பாம்பன் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே கடல்பாசி எடுக்கும் பெண்கள் பதினெட்டுப் பேருக்கு ஆளுக்கொரு ஓவியம் செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டேன். அவர்களுடைய சங்கக் கட்டடத்தின் சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும், விற்பனைக்கு இல்லை. புகைப்படம் எடுத்து, ஓவிய பாணிக்கு மாற்றி, அச்சடித்துச் சட்டம் போட்டுத் தர வேண்டும். படம் உருவாக்குவது இதில் சுலபமான பாதி. வந்த படம் அந்த ஆள் மாதிரி இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் பாசிக்குப் போவார்கள். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பார்கள். அப்படி ஒரு மாலையில் எல்லோரையும் ஒரே வெளிச்சத்தில், வீட்டுத் திண்ணை நிழலில் வைத்து எடுத்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் கட்டிய துணி, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி. கடலுக்குப் போகும் கோலத்திலேயே படம் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். ஆளுக்கு ஆறு படம் எடுத்து, நேராகப் பார்க்கும் ஒன்றை ஓவியத்துக்கு மூலமாக வைத்துக்கொண்டேன். மீதியை ஒப்பிடுவதற்கு எடுத்து வைத்தேன். எதற்காக என்று பின்னால் வரும்.

படம் செய்யப் பயன்படுத்தியது எஸ்டிஎக்ஸ்எல் என்ற செயற்கை நுண்ணறிவு மாடலும் அதன் மேல் இன்ஸ்டன்ட்ஐடியும். ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து முகத்தின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு, கேட்கும் பாணியில் வரைந்து தரும். இரண்டு பாணிகளைச் சோதித்தேன். ஒன்று நீர்வண்ணம். இன்னொன்று மரத்தில் செதுக்கி மை தடவி அச்செடுத்தது போன்ற தடித்த கறுப்புக் கோடு. ஆளுக்கு இரண்டு பாணி என்று முதல் சுற்றில் முப்பத்தாறு படங்கள்.

ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்று நினைத்து, முக ஒற்றுமைக்கு மதிப்பெண் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் இங்கேதான் ஒளிந்திருந்தன. ஆர்க்ஃபேஸ் வகை மாடல், படத்தில் முகத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரு ஓரம் என்ற ஐந்து புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி, 112 × 112 அளவுக்கு வெட்டி எடுக்கும். அந்தச் சின்னச் சதுரத்தை 512 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றும். இரண்டு முகங்களின் வரிசைகள் ஒரே திசையைப் பார்த்தால் விடை 1-ஐ நெருங்கும், சம்பந்தமில்லாத ஆட்கள் என்றால் 0-ஐ ஒட்டி நிற்கும்.

```python
import cv2, numpy as np
from insightface.app import FaceAnalysis

app = FaceAnalysis(name="antelopev2")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))

def vec(path):
    faces = app.get(cv2.imread(path))
    if not faces:
        return None
    f = max(faces, key=lambda f: (f.bbox[2]-f.bbox[0])*(f.bbox[3]-f.bbox[1]))
    return f.normed_embedding

# score = float(np.dot(vec(photo), vec(art)))
```

முதல் சுற்று முடிவு என்னை ரொம்பச் சந்தோஷப்படுத்தியது. நீர்வண்ணத்தில் சராசரி 0.68. தடித்த கோட்டில் சராசரி 0.34. சரி, நீர்வண்ணம்தான் என்று முடிவு செய்து, பதினெட்டையும் சாம்பிள் அச்சடித்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பாம்பன் போனேன்.

முதல் வீட்டில் ஓர் அக்காவிடம் அவருடைய படத்தையே காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் படத்தை எடுத்து வாசலில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்த உடனே உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "ஏத்தா, உன் படம் வந்திருக்கு பாரு." வெளியே வந்தது அந்த அம்மாவின் மகள். மகளும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர்தான், ஆனால் அது அவருடைய படம் இல்லை. தாயும் வந்து பார்த்தார். "இது எம் மகதான தம்பி, என் படம் எங்க?" என்று கேட்டார்.

அந்தப் படத்தின் மதிப்பெண் 0.71. பதினெட்டில் மூன்றாவது இடம்.

அன்று இரவு தங்கச்சிமடத்தில் அறைக்குத் திரும்பியதும் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். முதல் தப்பு முதல் வரிகளிலேயே இருந்தது. நான் மதிப்பெண் போட்ட antelopev2 என்பது, இன்ஸ்டன்ட்ஐடி படம் வரையும்போது முகத்தை உள்வாங்கப் பயன்படுத்தும் அதே மாடல். அதாவது, எந்த 512 எண்களைக் கொடுத்து "இந்த முகத்தை வரை" என்று சொன்னேனோ, அதே 512 எண்களை வைத்துத்தான் "சரியாக வரைந்தாயா" என்றும் கேட்டிருக்கிறேன். கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதை. அந்த எண்களுக்குள் எது அடங்கவில்லையோ, அது படத்தில் தொலைந்து போனாலும் மதிப்பெண்ணில் தெரியப் போவதில்லை.

அந்த அம்மாவின் முகத்தில் தொலைந்து போனது அதுதான். புகைப்படத்தில் கன்னத்தில் ஆழமான இரண்டு மடிப்புகள், கண்ணுக்குக் கீழே கண்ணாடி வருடக்கணக்கில் அழுத்தியதால் வந்த கருமை, உப்பிலும் வெயிலிலும் தடித்துப் போன தோல். ஓவியத்தில் மடிப்பு இல்லை, கருமை இல்லை, நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. இருபது வயதைக் குறைத்தால் அந்தத் தாய், மகளாகத்தான் இருப்பார். முகம் அடையாளம் காணும் மாடல்கள் ஒரே ஆளின் பல வெளிச்சம், பல ஒப்பனை, பல வயதுப் படங்களைப் பார்த்து, அவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் "இது அதே ஆள்" என்று சொல்லக் கற்றவை. கண்காணிப்புக்கும் கைபேசிப் பூட்டுக்கும் அது நல்ல குணம். எனக்கு அதுவே கேடு. தோல் வெளுத்தாலும் சுருக்கம் மறைந்தாலும் மதிப்பெண் பெரிதாக இறங்காது. ஊரில் இருப்பவர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசமானது, அதை நானாகக் கண்டுபிடிக்கத் தாமதமானது. தடித்த கோட்டுப் படங்களில் ஐந்தில் முகமே கிடைக்கவில்லை என்று `None` வந்திருந்தது. சராசரி போடும்போது அவற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டிருந்தேன். அந்த 0.34 என்பது பதின்மூன்று படங்களின் சராசரி. முகம் கிடைக்காததைத் தோல்வி என்று எண்ணினால் இன்னும் கீழே போகும், ஆனால் அதுவும் நியாயமில்லை. அந்த ஐந்தில் மூன்று, முகம் சட்டத்தை முழுதாக நிறைத்து நிற்கும் படங்கள். இந்த வகைக் கண்டறிவான், முகம் படத்தின் ஓரம் வரை வந்துவிட்டால் தடுமாறும். சுற்றிலும் வெள்ளை இடம் சேர்த்துக் கொடுத்ததும் மூன்றிலும் முகம் கிடைத்துவிட்டது:

```python
img = cv2.copyMakeBorder(img, 300, 300, 300, 300,
                         cv2.BORDER_CONSTANT, value=(255, 255, 255))
```

மீதி இரண்டில் கறுப்பு மை கண்ணையே மூடியிருந்தது. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, "கிடைக்கவில்லை" என்று தனிப் பத்தியில் எழுதி வைத்தேன். இந்த ஒரு பத்தி இல்லாமல் யாராவது முக ஒற்றுமைச் சராசரியைக் காட்டினால் நான் இனிமேல் நம்ப மாட்டேன்.

மூன்றாவதாக, மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதை நிறுத்தினேன். 0.71 என்பது நல்லதா கெட்டதா என்று அந்த எண்ணுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஓவியத்தையும் அந்த ஆளோடு மட்டும் ஒப்பிடாமல் பதினெட்டுப் பேரின் புகைப்படங்களோடும் ஒப்பிட்டேன். ஓவியத்துக்கு மூலமாகக் கொடுத்த படத்தை இதில் சேர்க்கவில்லை. எடுத்து வைத்த மற்றப் படங்களை மட்டும் பயன்படுத்தினேன், இல்லையென்றால் அந்த ஒரு படத்தின் தலைச்சாய்வும் வெளிச்சமுமே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மதிப்பிடும் மாடலையும் மாற்றி, ஃபேஸ்நெட் வழிவந்த, விஜிஜிஃபேஸ்2 என்ற முகப்படத் தொகுப்பில் பழக்கிய ஒன்றைப் போட்டேன். antelopev2-ஐத் தரும் அதே இன்சைட்ஃபேஸின் இன்னொரு மாடலான buffalo_l எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது antelopev2-க்குப் பங்காளி முறை மாதிரி, ஒரே வகையில் பழக்கியது, ஒரே இடத்தில் சறுக்கும். கூடவே ஒரு விஷயம்: இன்சைட்ஃபேஸ் தரும் பழக்கிய மாடல்கள் வணிகம் அல்லாத ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். விற்பனைக்குப் படம் செய்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய கணக்கில் தாயின் நீர்வண்ணப் படத்துக்குத் தாயோடு 0.55, மகளோடு 0.49. மற்றப் பதினாறு பேரில் யாரோடும் 0.25-ஐத் தாண்டவில்லை. சொந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். அடுத்த ஆளுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி 0.06 என்று பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. தாயின் புகைப்படத்தையும் மகளின் புகைப்படத்தையும் அதே மாடலில் ஒப்பிட்டால் 0.38. புகைப்படத்தில் 0.38, ஓவியத்தில் 0.49: ஓவியம் தாயை மகள் பக்கம் நகர்த்தியிருக்கிறது என்பது அந்த இரண்டு எண்களிலிருந்தே தெரிகிறது. இடைவெளியை முதல் நாளே கணக்கிட்டிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

ஆனாலும் எண் எவ்வளவு நல்லதானாலும் தீர்ப்பு ஊர்க்காரர்களுடையது. அதையும் நான் முதலில் தப்பாகத்தான் கேட்டேன். புகைப்படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அவங்க மாதிரி இருக்கா?" என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று எல்லோரும் இருக்கிறது என்பார்கள். நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால், முதலில் வாயைத் திறப்பவர் சொன்ன பெயரையே மற்ற மூவரும் சொல்வார்கள். ஆளிடமே அவர் படத்தைக் காட்டுவதிலும் பயனில்லை. நம் முகத்தை நாம் கண்ணாடியில் இடவலம் மாறித்தான் தினமும் பார்க்கிறோம், நம்மை மற்றவர்கள் பார்க்கும் முகம் நமக்கே கொஞ்சம் புதுசு.

அதனால் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். பதினெட்டுப் பேரையும் தினம் பார்க்கிறவர்கள், ஆனால் அந்தப் பதினெட்டில் இல்லாதவர்கள். இரண்டு பேர் பாசி எடை போட்டு வாங்குகிறவர்கள், ஒருவர் பெட்டிக்கடைக்காரர், மற்றவர்கள் அதே தெருப் பெண்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, புகைப்படம் எதையும் காட்டாமல், ஓவியத்தை மட்டும் கையில் கொடுத்து ஒரே கேள்வி: "இது யாரு?" பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வேன், யோசித்தால் யோசிக்க விட்டு அதையும் எழுதிக்கொள்வேன். அதன் பிறகுதான் "என்ன சரியா வரல?" என்று கேட்பேன். பதினெட்டுப் படங்களோடு, பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆறு பேரின் ஓவியங்களையும் அவர்கள் சம்மதத்தோடு செய்து கலந்துவிட்டேன். இல்லையென்றால் கடைசி நாலைந்து படங்களை, மிச்சம் இருப்பவர்கள் யார் என்று கழித்தே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு ஓட்டை பெட்டிக்கடை அண்ணனால் தெரிந்தது. ஒரு படத்தைப் பார்த்ததும் பெயரைச் சொன்னார். எப்படிச் சொன்னீர்கள் என்றேன். "கட்டம் போட்ட அந்தப் பச்சைச் சட்ட அவுக வீட்டுக்காரருது தம்பி, எங்கடையிலதான் வாங்குனாரு." முகத்தை அவர் பார்க்கவே இல்லை. சட்டையும் தலைத்துணியும் மூக்குத்தியும் மனிதர்களுக்கு அடையாளம். மாடலின் 112 × 112 சதுரத்துக்குள் சட்டை வராது, தலைத்துணியும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். மனிதர்களும் மாடலும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்று நினைத்தது என் தவறு. அதனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டாக அச்சடித்தேன்: புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரை மட்டும் ஒன்று, முழுப்படம் ஒன்று. முதலில் முகம் மட்டும், பதிலை எழுதிக்கொண்ட பிறகு முழுப்படம்.

முகம் மட்டும் காட்டிய சுற்றில், ஆறில் நாலு பேராவது சரியாகச் சொன்னால் தேறியது என்று வைத்துக்கொண்டேன். நீர்வண்ணத்தில் தேறியது பதினெட்டில் எட்டு. தடித்த கோட்டில் பதினான்கு. என் மதிப்பெண் பட்டியல் சொன்னதற்கு நேர் எதிர்.

காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தடித்த கோட்டில் நிறமே இல்லை, ஆகவே வெளுக்க ஒன்றுமில்லை. கன்ன மடிப்பு ஒரு கறுப்பு வெட்டாக வந்து நிற்கிறது, மேல்பல் எடுப்பு அப்படியே இருக்கிறது, ஒரு புருவம் மற்றதைவிட உயரமாக இருந்தால் கோடு அதை இன்னும் எடுத்துக் காட்டுகிறது. தெரிந்த முகத்தை அடையாளம் காண அது போதும். வருடக்கணக்காகப் பழகிய முகத்தை மோசமான படத்திலும் சொல்லிவிடுவோம், தெரியாத முகத்துக்கு அப்படி முடியாது. அடையாள மாடலோ நிழலும் தோலும் உள்ள புகைப்படங்களையே பார்த்து வளர்ந்தது, மையும் வெள்ளைத் தாளும் மட்டும் உள்ள முகத்தில் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. எனவே எல்லோருக்கும் சேர்த்து மதிப்பெண் இறங்குகிறது. அது பாணியின் தூரத்தைச் சொல்கிறது, படம் ஆள் மாதிரி இருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை. ஒரு பாணியின் மதிப்பெண்ணை இன்னொரு பாணியோடு ஒப்பிட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய பிழை.

அதற்காக மதிப்பெண்ணைத் தூக்கி எறியவும் இல்லை. ஒரே பாணிக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கடைசி நாலு இடத்தில் இருந்த நீர்வண்ணப் படங்கள் நாலும் ஊர்க்காரர்களிடமும் தோற்றவை. அவற்றில் ஒன்றில் கண்கள் விலகியிருந்தன, ஒன்றில் மூக்கு வேறு யாருடையதோ. இந்த மாதிரி உடைந்த படங்களை மதிப்பெண் ஒழுங்காகப் பிடிக்கிறது. மேலே போகப் போகத்தான் அதற்கு ஒன்றும் தெரியவில்லை: முதல் ஆறு இடங்களில் மூன்று தேறின, மூன்று தோற்றன. ஆகவே இப்போது ஒரே ஆளுக்கு ஒரே பாணியில் பன்னிரண்டு படங்கள் செய்து, அடுத்த ஆளோடு இடைவெளி குறைவாக உள்ளவற்றையும் அடிமட்டத்தில் உள்ளவற்றையும் நிரலே கழித்துவிடுகிறது. மிஞ்சும் மூன்று நான்கை மட்டும் அச்சடித்து எடுத்துப் போகிறேன். ஆறு பேரைப் பன்னிரண்டு படங்கள் பார்க்க வைத்தால் ஐந்தாவது படத்திலேயே அலுப்பு வந்து வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், அந்த வேலையை எண் மிச்சப்படுத்துகிறது.

தாயின் படத்தைத் திரும்பச் செய்தேன். வெறும் வாக்கியத்திலிருந்து வரையச் சொல்லாமல், புகைப்படத்தையே அடியில் வைத்து அதன் மேல் பாணியை ஏற்றும் முறைக்கு மாறினேன். புகைப்படத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் `strength` 0.45-க்கு மேல் போனால் தோல் மறுபடி வெளுக்கத் தொடங்கியது, 0.3-க்குக் கீழே போனால் ஓவியமாகவே தெரியவில்லை. அடையாளத்தின் அளவான `ip_adapter_scale`-ஐ 0.8-லிருந்து 0.5-க்குக் குறைத்தேன். அதைக் கூட்டினால்தான் ஆள் மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். கூட்டக் கூட்ட antelopev2 மதிப்பெண் ஏறியது, முகம் வழவழவென்று ஆனது. குறைத்தபோது அந்த மதிப்பெண் 0.71-லிருந்து 0.58-க்கு இறங்கியது. ஃபேஸ்நெட் கணக்கில் தாயோடு 0.57, மகளோடு 0.36. இடைவெளி 0.06-லிருந்து 0.21 ஆனது.

அடுத்த பௌர்ணமி கழிந்து, பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போனேன். பழைய படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்பதால் அந்த ஆறு பேரை விட்டுவிட்டு வேறு ஆறு பேரிடம், முகம் மட்டும் உள்ள அச்சைக் கொடுத்தேன். ஐந்து பேர் தாயின் பெயரைச் சொன்னார்கள். ஆறாவது ஆள் ஒரு கிழவி, கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மகளின் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்தத் தாயின் தாய் பெயரைச் சொன்னார். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம்.

அதைத் தவறான விடை என்ற பத்தியில்தான் எழுதினேன். ஐந்து சரி, ஒன்று தவறு, படம் தேறியது. கிழவி சொன்னதைத் தாயிடம் சொன்னபோது, அவர் அந்த அச்சை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாம்பிள் அச்சாக இருந்தாலும் பரவாயில்லை, இதைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி உள்ளே எடுத்துப் போனார். சங்கச் சுவருக்கு வேறொரு பிரதி அச்சடிக்க வேண்டும். நீர்வண்ணத்தில் இன்னும் நாலு பேருடைய படம் தேறவில்லை, அவர்களுக்குத் தடித்த கோட்டுப் படமே போகிறது. அதில் ஒன்றின் மதிப்பெண் 0.19. ஆறு பேரும் கையில் வாங்கிய உடனே பெயரைச் சொன்ன படம் அது.